கொடைக்கானல் குளிரும் டெல்லி நவம்பரும்: ஒரு வீசிங் பார்ட்டியின் டூர் கணக்கு

போன பதிவு ஜி.எஸ்.டி. பற்றி என்பதால் பாதிப் பேர் தூங்கிவிட்டதாகத் தகவல். இந்தத் தடவை கொஞ்சம் சொந்தக் கதை. என்னை மாதிரி பையில் இன்ஹேலரோடு அலைகிறவர்கள் டூர் போகும்போது ஊரையும் மாதத்தையும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் விஷயம். நான் டாக்டர் இல்லை, பி.காம். மூன்றாம் வருடம். அடிபட்டுக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பிளஸ் ஒன் படிக்கும்போது ஸ்கூலில் கொடைக்கானல் கூட்டிப் போனார்கள். நவம்பர் மாதம், விடாத சாரல். "மதுரைப் புழுதியிலிருந்து ரெண்டு நாள் தப்பிச்சு நல்ல காத்து வாங்கிட்டு வா"ன்னு அம்மா சந்தோஷமாக அனுப்பினார்கள். எட்டுப் பேருக்கு ஒரு அறை. லாட்ஜ்காரர் பரணிலிருந்து கம்பளிகளை இறக்கி, ஒரு உதறு உதறிப் போட்டார். நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை. குளிர் தாங்காமல் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு நின்றுபோன மாதிரி எழுந்தேன். இன்ஹேலர் பெரிய பையில், பெரிய பை பஸ்ஸில், பஸ் சாவி டிரைவரிடம், டிரைவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. எங்கள் கணக்கு சார் என்னை ஒரு ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெபுலைசர் வைத்த பிறகுதான் பேச்சே வந்தது. விடிவதற்குள் அப்பா முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

"குளிர் ஒத்துக்கலை" என்று எல்லாரும் தீர்ப்பு எழுதினார்கள். நானும் அதையே நம்பி, அதற்குப் பிறகு மூன்று வருடம் எந்த மலைக்கும் போகவில்லை.

போன வருடம் ஒரு அலர்ஜி டாக்டரிடம் போனபோதுதான் உண்மை தெரிந்தது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை. முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் லேசாகக் கீறி, கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். (சளி, அரிப்பு மாத்திரைகளை டாக்டர் சொல்லும் நாளிலிருந்தே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் தடிக்காது, காசு தண்டம்.) புல், களைச்செடி மகரந்தச் சொட்டுகள் இருந்த இடம் சும்மா இருந்தது. ஒரே ஒரு இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் பெரிதாகத் தடித்தது. தூசி உண்ணி.

கொடைக்கானல் கதையைச் சொன்னேன். டாக்டர் சிரித்தார். "குளிர் பெருசா ஒண்ணும் பண்ணலை தம்பி. அந்தக் கம்பளிதான்."

புழுதி வேறு, தூசி வேறு

"எனக்கு டஸ்ட் அலர்ஜி" என்று சொல்கிற நாம் பெரும்பாலும் ரோட்டுப் புழுதியைத்தான் நினைத்துக்கொள்கிறோம். புழுதி யாருடைய மூச்சுக்குழாயையும் உறுத்தும், ஆஸ்துமாக்காரர்களைக் கூடுதலாக உறுத்தும். ஆனால் அலர்ஜி என்று உடம்பு எதிரியாகப் பார்ப்பது பெரும்பாலும் வீட்டுத் தூசியில் இருக்கும் இந்த உண்ணியின் கழிவைத்தான். உண்ணி ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் கம்பளியிலும் வாழும். கடிக்காது, கண்ணுக்கும் தெரியாது.

டூர் போகிறவனுக்கு முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சித்தான் உயிர் வாழ்கிறது. காற்றின் ஈரப்பதம் நாள்கணக்கில் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வற்றிப்போகும், 70, 80 என்று இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

"மலைக்காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதும் இதை வைத்துப் புரிந்தது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற ஊர் சுமார் 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆஸ்துமா நோயாளிகளை அங்கே கொண்டுபோய்த் தங்கவைத்துச் சிகிச்சை கொடுப்பது பல பத்தாண்டுப் பழக்கம். அங்கே உண்ணி குறைவு. காரணம் வெறும் உயரம் இல்லை, அந்த உயரத்தில் காற்று வறண்டிருப்பது. ஈக்வடாரின் கீட்டோ அதைவிட உயரம், 2,800 மீட்டருக்கு மேல். ஆனால் ஈரமான மலை என்பதால் அங்கே வீட்டுத் தூசியில் உண்ணி இருக்கிறது. நம் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வடகிழக்குப் பருவமழையில் மேகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஊர், டாவோஸோடு சேராது. போதாக்குறைக்கு, தினம் ஒரு உடம்பு வந்து அந்த மெத்தையைச் சூடாக்கிவிட்டும் போகிறது.

இன்னொரு சங்கடம், உண்ணி செத்தாலும் அதன் கழிவு கம்பளியில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களில் கொடைக்கானல் போனால் ஈரமும் பூஞ்சையும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் பரணில் கிடந்த அதே கம்பளியைக் கொடுத்தால் மாதம் மாறியும் பிரயோஜனம் இல்லை. ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்தக் கழிவுத் துகள்கள் கொஞ்சம் கனமானவை, கிளறாமல் விட்டால் சீக்கிரம் கீழே படிந்துவிடும். லாட்ஜ்காரர் உதறிய அந்த உதறல்தான் என் மூக்குக்கு நேரே அவற்றைக் கிளப்பிவிட்டது.

கடற்கரைக்கும் இதே கதைதான். கன்னியாகுமரியில் கடலிலிருந்து வரும் காற்றில் புகையும் மகரந்தமும் குறைவு. ஆனால் உப்பு ஈரம் ஊறிய அறை, வெயில் படாத மெத்தை என்றால் உண்ணிக்கு அது சொந்த ஊர்.

கிளாஸ் டூர் வந்தது

மூன்றாம் வருடம் கடைசி டூர். கிளாஸ் ரெப் அறிவித்தான்: டெல்லி, ஆக்ரா, நவம்பர் முதல் வாரம், ஆறு நாள். போக முடியாதவர்களுக்காக அதே மாதம் கொடைக்கானல் இரண்டு நாள். இரண்டையும் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "நான் வரலைடா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், மூன்று வருடமாகக் கணக்கு எழுதப் படிக்கிறோமே, இதையும் ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒவ்வொரு ஊருக்கும் மூன்று கேள்வி. அந்த மாதத்தில் வெளிக்காற்று எப்படி, என்ன பூக்கிறது, ராத்திரி படுக்கப்போகும் அறை எப்படி.

முதலில் வெளிக்காற்று. டெல்லி நவம்பர் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. 2017 டிசம்பரில் டெல்லி டெஸ்டில் இலங்கை வீரர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு ஃபீல்டிங் செய்தது ஞாபகம் இருக்கலாம். ஏன் அந்த மாதங்களில் மட்டும் அப்படி? டெல்லியின் சொந்தப் புகை வருடம் முழுக்க இருக்கிறது. அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாளைக் கொளுத்தும் புகை வடமேற்குக் காற்றோடு வந்து சேர்கிறது, தீபாவளியும் அந்தச் சமயத்தில்தான் வருகிறது. இதற்கெல்லாம் மேல், குளிர் தொடங்கியதும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று ஒரு மூடி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. புகை மேலே போகவும் வழியில்லை, தள்ளிவிடக் காற்றும் இல்லை. அதனால்தான் அங்கே அந்த மாதங்களில் அதிகாலைதான் மோசமான நேரம். வெயில் ஏறி மூடி திறக்கும் பிற்பகல் கொஞ்சம் பரவாயில்லை. "சூரிய உதயத்தில் தாஜ்மகால்" என்பது நவம்பரில் ஆஸ்துமாக்காரனுக்குச் சொல்லும் திட்டமே இல்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணிக்கு ஊர்வாரியாகக் காற்றுத் தரக் குறியீடு வெளியிடுகிறது. 100 வரை திருப்தி, 200 தாண்டினால் மோசம், 300 தாண்டினால் மிக மோசம், 400 தாண்டினால் கடுமை. 2024 நவம்பர் 18 அன்று டெல்லிக்கு வந்த எண் 494. அந்த அளவுகோலே 500-ல் முடிந்துவிடுகிறது!

நான் செய்தது எளிமையான வேலை. இன்றைக்கு என்ன எண் என்று பார்க்காமல், நாங்கள் போகப்போகும் அதே தேதிகளுக்குக் கடந்த மூன்று வருடமாக என்ன எண் வந்தது என்று எடுத்து எழுதினேன். சராசரியை விட்டுவிட்டு அதில் மிக மோசமான இரண்டு மூன்று நாட்களை மட்டும் பார்த்தேன். அட்டாக் வருவது சராசரி நாளில் இல்லை, அந்த ஒரு நாளில்தான். நவம்பர் முதல் வாரம் முழுக்கச் சிவப்பு. பிறகு பின்னோக்கிப் போனேன். செப்டம்பர் கடைசி வாரத்தில் எண்கள் சட்டென்று இறங்கி 100-ஐ ஒட்டிக் கிடந்தன. மழை காற்றைக் கழுவிவிட்டுப் போன நேரம், தாள் கொளுத்துவது சூடுபிடிக்காத நேரம், மூடி இன்னும் விழாத நேரம்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம். நான் இந்த எண்ணை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும், ஒருவன் தன் போனில் 150-க்கு மேல் காட்டுகிறது என்று படம் எடுத்துப் போட்டான். "பொய் சொல்றான்"னு ஒரு கூட்டம். இரண்டும் சரிதான். அவன் வைத்திருந்த ஆப் அமெரிக்க அளவுகோல். நுண்துகள், அதாவது பி.எம். 2.5, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் இந்தியக் குறியீட்டில் அது 100, அமெரிக்கக் குறியீட்டில் 150-ஐத் தாண்டிவிடும். காற்று ஒன்றுதான், தராசு வேறு. இரண்டு ஊரை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துங்கள். உலக சுகாதார அமைப்பு 2021-ல் சொன்ன ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம்தான். அதனால் நம் "திருப்தி" என்ற சொல்லை ரொம்பவும் நம்பிவிடவும் வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, மகரந்தம். காற்றுத் தரக் குறியீட்டில் மகரந்தம் சேராது. உண்ணியும் சேராது. எண் 40 என்று பச்சையாகச் சிரிக்கும் நாளிலும் மூக்கு ஒழுகலாம். டெல்லியில் மகரந்தம் இரண்டு தடவை ஏறும். மார்ச், ஏப்ரலில் மரங்கள். செப்டம்பர், அக்டோபரில் மழைக்குப் பின் வளர்ந்த புல்லும் களைச்செடியும். அதாவது புகை குறைவாக இருக்கும் செப்டம்பரில்தான் மகரந்தம் ஏறுகிறது. எனக்குத்தான் மகரந்தச் சொட்டு தடிக்கவே இல்லையே என்று அந்த வரியைச் சந்தோஷமாக அடித்துவிட்டேன். (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மூன்றாவது, அறை. தங்கும் இடங்களுக்குப் போன் போட்டேன். "நல்ல ரூமா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். நான் கேட்டது வேறு: தரையில் கார்பெட்டா, டைல்ஸா? ஜன்னலில் வெயில் விழுமா? ரஜாய்க்கு உறை உண்டா, அதை ஒவ்வொரு ஆளுக்கும் மாற்றுவீர்களா? ஒருவர் "நீங்க இன்ஸ்பெக்ஷனா சார்?" என்று கேட்டார் :-)

எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி ரெப்பிடம் நீட்டினேன். செமஸ்டர் தேர்வு நவம்பரில் என்பதால் செப்டம்பர் கடைசி வாரம் பலருக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஓட்டெடுப்பில் தேதி மாறியது. எனக்காக இல்லை, தேர்வுக்காக. இருந்தாலும் உள்ளூர ஒரு பெருமை.

போய் வந்த கதை

மதுரையிலிருந்து ரயிலில் இரண்டு ராத்திரி. ஏ.சி. பெட்டியில் தரும் விரிப்பும் தலையணை உறையும் ஒவ்வொரு பயணத்துக்கும் துவைத்து வரும். கம்பளி மாதத்துக்கு ஒருமுறையாவது துவைக்கப்படும் என்று ரயில்வே அமைச்சர் 2024-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆகவே கம்பளியைத் தொடாமல், வீட்டில் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்த போர்வையும் தலையணை உறையும் கொண்டுபோனேன். 60 டிகிரி வெந்நீரில் உண்ணி சாகும், கழிவும் அலசிப் போகும். இன்ஹேலர் இந்தத் தடவை சட்டைப் பையில்.

கூடவே பீக் ஃப்ளோ மீட்டர் என்ற ஒரு பிளாஸ்டிக் குழாய். முழு மூச்சு இழுத்துப் பலமாக ஊதினால் முள் ஒரு எண்ணில் நிற்கும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில் என் உச்சம் 460. அதில் 80 சதவீதம், அதாவது 368-க்கு மேல் இருந்தால் பச்சை. கீழே போனால் டாக்டர் எழுதிக்கொடுத்த தாளின்படி மருந்தைக் கூட்ட வேண்டும். பாதிக்குக் கீழே என்றால் சுற்றிப் பார்ப்பது இல்லை, ஆஸ்பத்திரி. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே காலை, மாலை ஊதி எழுதினேன். நெஞ்சு இறுகுவது நமக்குத் தெரிவதற்கு முன்பே அந்த எண் இறங்க ஆரம்பிக்கும் என்பதுதான் அதன் உபயோகம்.

டெல்லியில் முதல் இரண்டு நாளும் 440, 450. வெயில் மண்டையைப் பிளந்தது, ஆனால் மூச்சுக்குக் குறைவில்லை. ஆக்ராவில் டைல்ஸ் என்று சொன்ன அறையில் சுவருக்குச் சுவர் கார்பெட். இரவு பத்து மணி, எல்லாரும் களைப்பு. ஒரு ராத்திரிதானே என்று படுத்துவிட்டேன். காலையில் 380. இன்னும் பச்சைதான், இருமல்கூட இல்லை. ஆனால் ஒரே இரவில் 60 இறக்கம். கொடைக்கானல் ராத்திரி கண்முன் வந்தது. வெட்கத்தை விட்டு மேலாளரிடம் போய் நின்றேன். மாடியில் கார்பெட் இல்லாத ஒரு சின்ன அறை கிடைத்தது, ஏ.சி. கூட இல்லை. அடுத்த நாள் காலை 430.

நான் தாஜ்மகாலைப் பார்த்துவிட்டேன். மூச்சு வாங்காமல் பார்த்தேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டெல்லியில் இரண்டாம் நாளே என் பக்கத்து பெஞ்ச் நண்பன் தும்ம ஆரம்பித்தான். புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு கண் சிவந்து தண்ணீராகக் கொட்டியது. "ஊருக்கு ஊர் தண்ணி மாறுதுல்ல, சளிடா" என்றான். ஆக்ராவில் ராத்திரி அவன் நெஞ்சில் விசில் சத்தம். என்னிடம் இருந்த ஸ்பேசரை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த டாக்டரிடம் அவனைக் கூட்டிப் போனேன். கொடைக்கானலில் கணக்கு சார் எனக்குச் செய்ததை நான் இங்கே செய்தேன். ஊருக்கு வந்து அவன் பரிசோதனை செய்துகொண்டதில் புல் மகரந்தம் பெரிதாகத் தடித்திருக்கிறது. உண்ணிச் சொட்டு இருந்த இடம் சும்மா இருந்ததாம். அன்றைக்கு என்னைப் பாடாய்ப்படுத்திய அந்தக் கார்பெட் அறையில் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்!

நான் சந்தோஷமாக அடித்த அந்த மகரந்த வரி, அவனுடைய வரி. தேதியை மாற்றச் சொல்லி வாதாடியது நான். நவம்பரில் போயிருந்தால் அவனுக்கு மகரந்தம் குறைவாகவும் புகை பல மடங்காகவும் இருந்திருக்கும். எது நல்லது என்று அவன் தனக்காக ஒரு தனிக் கணக்கு போட்டிருக்க வேண்டும். போட அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

அதனால் "ஆஸ்துமாக்காரர்கள் போகக்கூடிய பத்து ஊர்கள்" என்று யாராவது பட்டியல் கொடுத்தால் நம்பாதீர்கள். முதல் வரியில் ஊர் பேர் வரக்கூடாது. உங்களுக்கு எது ஆகாது என்பதுதான் முதல் வரி. அதற்குப் பிறகு மாதம், அதற்குப் பிறகு அறை, கடைசியில்தான் ஊர்.

நண்பன் இப்போது லடாக் போகலாம் என்கிறான். வறண்ட ஊர், உண்ணி இருக்காதுடா என்று எனக்கே பாடம் எடுக்கிறான். லே 3,500 மீட்டர், முதல் இரண்டு நாள் படுத்தே கிடக்க வேண்டும், வறண்ட குளிர்காற்றில் ஏறி இறங்கினால் அதுவே மூச்சுக்குழாயை இறுக்கும் என்றேன். இந்தத் தடவை இரண்டு பேருக்கும் இரண்டு பக்கம் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறோம். பணத்துக்கான பக்கம்தான் இன்னும் காலியாக இருக்கிறது.

பி.கு.: தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை "நல்லாத்தானே இருக்கேன்" என்று டூருக்கு முன்னால் நிறுத்துகிறவர்கள் இந்தப் பதிவை மறுபடி முதலிலிருந்து படிக்கவும். எந்த ஊர்க் காற்றும் அதற்கு மாற்று இல்லை. உங்கள் டூர் கதை ஏதாவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.